பால் சங்கத்தின் போனஸ்: பணம் எங்கே போகிறது, பங்கில் எப்படி ஏறுகிறது?

(வானொலியின் பண்ணை நிகழ்ச்சியில் வேளாண் விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



வருஷக் கணக்கு முடிந்து தணிக்கையும் ஆன பிறகு, நம் ஊர் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கத்தில் போனஸ் கொடுப்பார்கள். "உனக்கு எவ்வளவு, எனக்கு எவ்வளவு" என்ற பேச்சு அன்றைக்குப் பால் ஊற்றும் இடத்திலேயே தொடங்கிவிடும். "1,400 ரூபாய் என்று எழுதியிருக்கிறது, கையில் 1,050தான் வந்தது, மீதி எங்கே?" என்று ஒருவர் கேட்பார். "பங்கில் சேர்த்தாச்சு" என்று செயலாளர் சொல்வார். பங்கில் சேர்த்தது என்றால் என்ன? அது நம் பணமா, சங்கத்துப் பணமா? திரும்பி வருமா? இதைத்தான் இன்றைக்குப் பார்க்கப் போகிறோம்.

போனஸ் என்பது யாருடைய பணம்?

போனஸ் என்ற பெயரைக் கேட்டதும் யாரோ பெரிய மனசு பண்ணிக் கொடுக்கிற இனாம் மாதிரித் தோன்றும். அது இனாம் இல்லை. சங்கம் உங்களிடம் தினமும் பாலை வாங்குகிறது. விற்கிற விலை என்னவாகும், வண்டிச் செலவு எவ்வளவு, கெட்டுப்போகிற பால் எவ்வளவு என்பது அன்றைக்கே தெரியாது. ஆகவே கொஞ்சம் இழுத்துப் பிடித்துத்தான் விலை கொடுக்க முடியும். வருஷம் முடிந்து கணக்குப் பார்க்கும்போது, பிடித்தது அதிகம் என்று தெரிந்தால் அந்த மிச்சத்தை ஊற்றினவருக்கே திருப்பித் தரவேண்டும். உங்கள் பாலின் விலையில் பாக்கி நின்ற ஒரு பகுதிதான் போனஸ்.

இந்த வழக்கம் ரொம்பப் பழசு. 1844ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் 28 பேர் சேர்ந்து ஒரு கடை வைத்தார்கள். அவர்களில் பலர் நெசவாளிகள். மாவு, வெண்ணெய், சர்க்கரை மாதிரி சாமான்களை நியாய விலைக்கு விற்றார்கள். பங்குப் பணத்துக்கு ஓர் அளவான வட்டி மட்டும் கொடுத்தார்கள். மிச்ச லாபத்தை, யார் எவ்வளவு சாமான் வாங்கினாரோ அந்தக் கணக்கில் பிரித்தார்கள். அந்தப் பணத்தைக் கையில் வாங்காமல் பங்காகவே கடையில் விட்டுவைக்கவும் வழி வைத்திருந்தார்கள். ஏழைகளுடைய கடை வளர்வதற்கு முதல் சேர்ந்தது அப்படித்தான். வாங்குகிற சங்கத்துக்கு உள்ள இந்த முறை விற்கிற சங்கத்துக்கும் பொருந்தும். குஜராத்தில் 1946இல் பதிவான கெய்ரா பால் ஒன்றியத்தில் வருஷ முடிவில் கொடுக்கிற இந்தத் தொகைக்கு 'விலை வித்தியாசம்' என்றே பெயர். அந்தப் பெயரே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது.

போனஸ் வேறு, பங்கு ஈவு வேறு

இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். பங்கு ஈவு என்றால் டிவிடெண்டு. சங்கத்தில் நீங்கள் போட்டிருக்கிற பங்குப் பணத்துக்கு வருவது. போனஸ் நீங்கள் ஊற்றின பாலுக்கு வருவது. ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் புரிந்துவிடும். இது கற்பனைச் சங்கம். தொகைகளும் உதாரணத்துக்குச் சொல்பவை. உங்கள் சங்கத்தில் விகிதம் வேறாக இருக்கும்.

நம் சங்கத்தில் 60 உறுப்பினர்கள். ஒரு பங்கு 100 ரூபாய். எல்லோருடைய பங்குப் பணமும் சேர்ந்து 60,000 ரூபாய். போன வருஷம் உறுப்பினர்களிடம் வாங்கின பாலின் மதிப்பு 40 லட்ச ரூபாய். செலவெல்லாம் போக நிகர லாபம் 1,60,000 ரூபாய்.

இந்த லாபத்தை இஷ்டப்படி பிரிக்க முடியாது. தமிழ்நாட்டில் 1983ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டமும், அதன் விதிகளும், சங்கத்தின் துணைவிதிகளும் சொல்கிறபடிதான் பிரிக்கவேண்டும். காப்பு நிதி, கூட்டுறவு வளர்ச்சி நிதி, கூட்டுறவுக் கல்வி நிதி ஆகியவற்றுக்கு முதலில் எடுத்து வைக்கவேண்டும். அதற்கு நம் கணக்கில் 48,000 ரூபாய் போகட்டும். பங்கு ஈவு நூற்றுக்குப் பத்து வீதம் 6,000 ரூபாய். பால் போனஸுக்கு 80,000 ரூபாய். மீதி 26,000 ரூபாய் கட்டட நிதி முதலான மற்ற ஒதுக்கீடுகளுக்கு.

80,000 ரூபாயை 40 லட்சம் ரூபாய்ப் பாலுக்குப் பிரித்தால், நூறு ரூபாய்ப் பாலுக்கு 2 ரூபாய் போனஸ் ஆகிறது. இனி இரண்டு உறுப்பினர்களைப் பார்ப்போம்.

கீழத்தெரு அம்மாவுக்கு ஒரே பங்கு. ஆனால் தவறாமல் இரண்டு வேளையும் பால் ஊற்றுகிறார். வருஷத்தில் ஊற்றின பாலின் மதிப்பு 70,000 ரூபாய். அவருக்குப் போனஸ் 1,400 ரூபாய், பங்கு ஈவு 10 ரூபாய்.

மேலத்தெருப் பெரியவருக்கு 20 பங்கு இருக்கிறது. பால் கொஞ்சம்தான் ஊற்றினார், 15,000 ரூபாய்க்கு. அவருக்குப் போனஸ் 300 ரூபாய், பங்கு ஈவு 200 ரூபாய்.

பணம் போட்டவருக்கு அளவான ஈவு, பால் ஊற்றினவருக்குப் பாலுக்குத் தக்க போனஸ். சங்கத்துக்கும் தனியார் பால் கம்பெனிக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. ஓட்டும் அப்படித்தான். பெரியவருக்கு 20 பங்கு இருந்தாலும் பொதுப் பேரவைக் கூட்டத்தில் அவருக்கும் ஒரு ஓட்டு, அம்மாவுக்கும் ஒரு ஓட்டு.

லிட்டர் கணக்கா, ரூபாய் கணக்கா?

இதில் ஒரு விஷயம் கவனிக்கணும். போனஸை ஊற்றின லிட்டருக்குப் பிரிக்கிறார்களா, பாலின் மதிப்புக்குப் பிரிக்கிறார்களா? எருமைப் பால் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் கேட்கவேண்டும்.

ஒருவர் 1,000 லிட்டர் எருமைப் பால் ஊற்றி 50,000 ரூபாய் வாங்கினார். இன்னொருவர் 1,000 லிட்டர் பசும்பால் ஊற்றி 35,000 ரூபாய் வாங்கினார். மதிப்புக் கணக்கில் நூற்றுக்கு 2 ரூபாய் என்றால் முதலாமவருக்கு 1,000 ரூபாய், இரண்டாமவருக்கு 700 ரூபாய். அதே 1,700 ரூபாயை லிட்டர் கணக்கில் பிரித்தால் இரண்டு பேருக்கும் 850 ரூபாய். கொழுப்பும் மற்றத் திடச் சத்தும் அதிகமுள்ள பாலை ஊற்றினவருக்கு 150 ரூபாய் குறைகிறது. தினமும் சத்துப் பார்த்து விலை போட்டுவிட்டு, வருஷ முடிவில் தண்ணியையும் சேர்த்து அளந்து போனஸ் கொடுப்பது சரியான முறையாகாது.

ஒரே ரூபாய், மூன்று பெயர்

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். 80,000 ரூபாய் சங்கத்தின் புத்தகத்தில் எப்படி நடக்கிறது? கணக்கு எழுதுகிறவர்கள் பற்று, வரவு என்று இரண்டு பக்கம் எழுதுவார்கள். அதைக் கண்டு மிரள வேண்டாம். அந்த ரூபாய்க்கு மூன்று தடவை பெயர் மாறுகிறது, அவ்வளவுதான்.

பொதுப் பேரவை கூடுவதற்கு முன்னால் அது சங்கத்தின் லாபம். யாருக்கும் தனியாகச் சொந்தமில்லை. "எனக்கு இவ்வளவு கொடு" என்று நீங்கள் கேட்க முடியாது.

பேரவை தீர்மானம் போட்டதும் முதல் பதிவு நடக்கும். லாபப் பங்கீட்டுக் கணக்கில் 80,000 ரூபாய் பற்று. 'உறுப்பினர்களுக்குக் கொடுக்கவேண்டிய போனஸ்' என்ற கணக்கில் 80,000 ரூபாய் வரவு. இதில் ஒரு பைசாகூடப் பெட்டியைவிட்டு வெளியே போகவில்லை. ஆனால் இந்த நிமிஷத்திலிருந்து அந்தப் பணம் சங்கம் உங்களுக்குப் பட்ட கடன். கொடு என்று கேட்க உங்களுக்கு உரிமை வந்துவிட்டது.

அடுத்தது பங்கில் சேர்ப்பது. துணைவிதியில் இடமிருந்து, போனஸில் கால் பங்கை உறுப்பினர் பெயரில் பங்காகச் சேர்க்கவேண்டும் என்று பேரவையும் தீர்மானித்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 80,000 ரூபாயில் கால் பங்கு 20,000 ரூபாய். ஒரு பங்கு 100 ரூபாய் ஆயிற்றே, 350 ரூபாய் வந்தால் மூன்றரைப் பங்கு கொடுக்க முடியாது. மூன்று பங்கு கொடுத்து, 50 ரூபாயை 'பங்குத்தொகை அனாமத்து' என்ற கணக்கில் நிறுத்தி வைப்பார்கள். அடுத்த வருஷம் இன்னும் 50 ரூபாய் சேர்ந்ததும் அது ஒரு பங்காகும்.

இப்படி எல்லோருடையதையும் கூட்டினதில் முழுப் பங்காக ஆனது 16,800 ரூபாய், சில்லறையாக நின்றது 3,200 ரூபாய் என்று வையுங்கள். இப்போது எழுதும் பதிவு: கொடுக்கவேண்டிய போனஸ் கணக்கில் 20,000 ரூபாய் பற்று, பங்கு மூலதனக் கணக்கில் 16,800 ரூபாய் வரவு, பங்குத்தொகை அனாமத்தில் 3,200 ரூபாய் வரவு. இதைச் சரிக்கட்டுப் பதிவு என்பார்கள். இதிலும் ரொக்கம் கைமாறுவதில்லை.

மிச்சம் 60,000 ரூபாய் உங்களுக்குப் பட்டுவாடா ஆகும்போது, கொடுக்கவேண்டிய போனஸ் கணக்கில் பற்று, ரொக்கம் அல்லது வங்கிக் கணக்கில் வரவு. வந்து வாங்காதவர்களின் தொகை கொடுக்கவேண்டிய கணக்கிலேயே நிற்கும். அது சங்கத்தின் லாபமாக மாறிவிடக் கூடாது. எத்தனை காலம் வைத்திருந்து என்ன செய்வது என்பதைத் துணைவிதியில் பார்த்துக்கொள்ளவேண்டும்.

கீழத்தெரு அம்மாவின் கணக்கை இப்போது பாருங்கள். போனஸ் 1,400. அதில் கால் பங்கு 350 பங்குக்கு, 1,050 கைக்கு. பங்குப் பதிவேட்டில் அவர் பக்கத்தில் முன்னிருந்தது 100 ரூபாய், இப்போது ஏறியது 300 ரூபாய், ஆக 400 ரூபாய், நான்கு பங்கு. அனாமத்தில் 50 ரூபாய். பெரியவருக்குக் கால் பங்கு 75 ரூபாய்தான். அது ஒரு பங்குக்குக் காணாது. முழுவதும் அனாமத்தில் நிற்கும். கைக்கு 225 ரூபாய்.

பங்கானபின் என்ன ஆகிறது?

அம்மாவின் 300 ரூபாய் எங்கும் போகவில்லை. அவர் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் அதன் குணம் மாறிவிட்டது. நேற்று அது சங்கம் பட்ட கடன், நினைத்தபோது கேட்கலாம். இன்றைக்கு அது மூலதனம். மகள் கல்யாணம் என்று போய் நின்றாலும் வைப்புத்தொகை மாதிரி எடுத்துவர முடியாது. உறுப்பினர் பொறுப்பிலிருந்து விலகும்போதோ, இறந்தபின் வாரிசோ, துணைவிதி சொல்கிற முறைப்படிதான் திரும்பப் பெறலாம். சங்கத்துக்கு அவர் கொடுக்கவேண்டிய கடன் இருந்தால் அதைக் கழித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். பத்து வருஷம் கழித்துக் கேட்டாலும் 100 ரூபாய்ப் பங்கு 100 ரூபாய்தான். நிலம் மாதிரி விலை ஏறாது. சங்கம் நஷ்டப்பட்டு மூடப்பட்டால், வெளிக்கடன்களை அடைத்தபின் மிஞ்சினால்தான் பங்குக்கு வரும்.

அப்படியானால் எதற்குப் பங்கில் சேர்க்கவேண்டும்? பால் குளிர்விக்கிற கலன் வாங்கவேண்டும், கறவை மாட்டுத் தீவனம் மொத்தமாக வாங்கிவைக்கவேண்டும் என்றால் சங்கத்துக்கு முதல் வேண்டும். வெளியே கடன் வாங்கினால் வட்டி கட்டவேண்டும். அந்த வட்டி உங்கள் பால் விலையிலிருந்துதான் போகும். பங்குக்கு லாபம் இருந்தால் மட்டும் அளவாக ஈவு கொடுத்தால் போதும். அம்மாவுக்கும் அடுத்த வருஷம் ஒரு பங்குக்குப் பதில் நான்கு பங்குக்கு ஈவு வரும். அனாமத்தில் நிற்கிற 50 ரூபாய்க்கு, அது முழுப் பங்காக ஆகும்வரை, பொதுவாக ஈவு இல்லை.

ஆகவே கால் பங்கா, அரைப் பங்கா என்பது சின்ன விஷயமில்லை. ஒரே மாட்டை நம்பி இருக்கிறவருக்கு 350 ரூபாய் என்பது தீவனக் காசு. என்ன காரியத்துக்கு, எத்தனை வருஷத்துக்குப் பங்கில் பிடிக்கப்போகிறீர்கள் என்று பேரவையிலேயே கேட்டு, அதைத் தீர்மானத்தில் எழுத வைக்கவேண்டும். பட்டுவாடா அன்று கேட்டுப் பயனில்லை.

எங்கே தவறு வருகிறது?

முதலாவது, பால் யார் பெயரில் ஏறுகிறது என்பது. மாடு ஒருவருடையது, அட்டை இன்னொருவருடையது என்று பல ஊர்களில் நடக்கிறது. உறுப்பினராகாமல், பக்கத்து வீட்டு அண்ணன் அட்டையில் ஊற்றுவார்கள். தினசரிப் பணத்தை அண்ணன் கொடுத்துவிடுவார். ஆனால் வருஷ முடிவில் போனஸும் பங்கும் அண்ணன் பெயரில்தான் ஏறும். அப்போது சண்டை போட்டால் சங்கம் ஒன்றும் செய்ய முடியாது. புத்தகத்தில் உள்ள பெயர்தான் கணக்கு. வீட்டில் பால் கறந்து ஊற்றுகிறவர் பெண்மணி என்றால், அவர் பெயரிலேயே பங்கு வாங்கி அட்டை எடுப்பது நல்லது.

இரண்டாவது, பிடித்தது பங்கில் ஏறாமல் போவது. பட்டுவாடாப் பட்டியலில் 1,400 ரூபாய்க்குக் கையெழுத்து வாங்குவார்கள், 1,050 கொடுப்பார்கள், ஆனால் பங்குப் பதிவேட்டில் 300 ரூபாய் ஏறியிருக்காது. வேண்டுமென்றே செய்தாலும் மறதியில் செய்தாலும் உங்களுக்கு நஷ்டம் ஒன்றுதான். கையெழுத்துப் போடும்போதே மூன்று பத்தி இருக்கிறதா என்று பாருங்கள்: மொத்தப் போனஸ், பங்குக்குப் பிடித்தது, கையில் கொடுத்தது. பிறகு உங்கள் பாஸ் புத்தகத்தில் பங்கு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள், பங்குச் சான்றிதழும் கேளுங்கள். தீவனக் கடனுக்குப் பிடித்திருந்தால் அது நான்காவது பத்தியாகத் தனியாகத் தெரியவேண்டும். பங்குப் பிடித்தத்தோடு கலக்கக் கூடாது.

ஊர் முழுவதற்கும் ஏறியிருக்கிறதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. அடுத்த வருஷப் பேரவையில் ஐந்தொகை, அதாவது சொத்துப் பொறுப்புக் குறிப்பைப் படிப்பார்கள். அதில் பங்கு மூலதனம் என்ற வரியை மட்டும் கவனியுங்கள். முன்னே 60,000 ரூபாய் இருந்தது, போனஸிலிருந்து 16,800 ஏறியது, ஆக 76,800 ரூபாய். புது உறுப்பினர் கட்டின பங்கைக் கூட்டுங்கள், விலகினவருக்குக் கொடுத்ததைக் கழியுங்கள். தொகை ஒத்துவர வேண்டும். அனாமத்து வரியிலும் 3,200 ரூபாய் தெரியவேண்டும். ஒத்துவரவில்லை என்றால் எழுந்து காரணம் கேளுங்கள். இந்தக் கேள்விக்குப் பெரிய படிப்பு வேண்டாம், இரண்டு வருஷ ஐந்தொகையும் ஒரு பென்சிலும் போதும்.

மூன்றாவது, காகிதத்தில் மட்டும் உள்ள லாபம். சங்கம் ஒன்றியத்துக்குப் பால் அனுப்பிவிட்டது, விற்பனைக் கணக்கில் எழுதிவிட்டது, பணம் வரவில்லை. புத்தகத்தில் லாபம் 1,60,000 ரூபாய், வங்கியில் இருப்பு 30,000 ரூபாய்தான். இந்த நிலையில் 60,000 ரூபாயை ரொக்கமாகக் கொடுப்பதற்குக் கடன் வாங்கவேண்டும், அல்லது உங்களுக்கே வாராவாரம் கொடுக்கிற பால் பணம் தள்ளிப்போகும். போனஸ் கொடுத்த அடுத்த மாதமே பால் பணம் இரண்டு மூன்று வாரம் பாக்கி விழுந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். ஆகவே போனஸ் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், வரவேண்டிய பாக்கி எவ்வளவு, வங்கியில் இருப்பு எவ்வளவு என்று கேளுங்கள். பணம் வந்தபின் இரண்டு தவணையாகக் கொடுப்பது என்று தீர்மானம் போடுவதில் தவறில்லை.

இன்னொன்று. உறுப்பினர் அல்லாதவரிடமும் சங்கம் பால் வாங்கியிருக்கலாம். அந்தப் பாலில் வந்த லாபமும் மொத்த லாபத்தில் கலந்திருக்கும். அதை உறுப்பினர்கள் போனஸாகப் பிரித்துக்கொண்டால் அது ஊற்றினவருக்குத் திருப்பித் தந்ததாகாது, வேறொருவர் பாலில் லாபம் எடுத்ததாகும். அந்தப் பகுதியைப் பொது நிதியில் வைப்பதும், அவர்களை உறுப்பினராகச் சேர்ப்பதும்தான் கூட்டுறவு முறை.

பால் அட்டையைத் தொலைக்காமல், மாதம் ஒருமுறை மொத்த ரூபாயைக் கூட்டி ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். வருஷ முடிவில் போனஸ் விகிதத்தைச் சொன்னதும் உங்கள் தொகையை நீங்களே போட்டுவிடலாம். பட்டியலில் வேறு தொகை இருந்தால் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.